30 பந்தில் 30 ரன்: கையில் இருந்த கோப்பையை தென்னாப்பிரிக்கா தவறவிட்ட ஐந்து ஓவர்கள்

டி20 உலகக் கோப்பை இறுதி ஆட்டம், பார்படாஸ், 29 ஜூன் 2024
இந்தியா 176/7 (20 ஓவர்), தென்னாப்பிரிக்கா 169/8 (20 ஓவர்)
இந்தியா 7 ரன் வித்தியாசத்தில் வெற்றி

டாஸ் வென்று பேட்டிங் எடுத்த இந்தியா முதல் ஓவரிலேயே 15 ரன் குவித்தது. யான்சனை கோலி மூன்று முறை பவுண்டரிக்கு அனுப்பினார். அடுத்த ஓவரில் மகராஜ் ரோகித்தையும் ரிஷப் பந்த்தையும் வெளியேற்றினார். சூர்யகுமாரும் ரபாடாவிடம் விழ, 34/3.

அக்சர் படேலை ஐந்தாவதாக இறக்கியது பலன் கொடுத்தது. 31 பந்தில் 47, நான்கு சிக்ஸர். கோலியுடன் 72 ரன் சேர்த்த அவரை, டி காக் நேராக ஸ்டம்பைத் தாக்கி ரன் அவுட் ஆக்கினார். கோலி 48 பந்தில் அரைசதம் எட்டியபோது வேகம் போதாது என்றே தோன்றியது. அதன் பிறகு 11 பந்தில் 26 ரன். அவர் எடுத்த 76, துபேயின் 27, இரண்டும் சேர்ந்துதான் இந்தியாவை 176-க்குக் கொண்டுபோயின.

பதிலுக்கு ஆடிய தென்னாப்பிரிக்கா 12/2 எனத் தடுமாறியது. ஹென்ட்ரிக்ஸின் ஆஃப் ஸ்டம்பைப் பெயர்த்தது பும்ராவின் அவுட்ஸ்விங். ஸ்டப்ஸ் 31, டி காக் 39 எடுத்து அணியைத் தூக்கி நிறுத்தினார்கள். அப்புறம் வந்தது கிளாசனின் ஆட்டம். அக்சர் வீசிய 15-வது ஓவரில் மட்டும் 24 ரன். 147/4, கைவசம் ஆறு விக்கெட், 30 பந்தில் தேவை 30. அந்த நேரத்தில் இந்தியா ஜெயிக்கும் என்று சொல்ல யாருக்கும் துணிச்சல் வந்திருக்காது.

16-வது ஓவரில் பும்ரா கொடுத்தது 4 ரன். ரிஷப் பந்த்தின் முழங்காலுக்குச் சிகிச்சை நடந்ததால் ஆட்டம் சற்று நின்றது. மீண்டும் தொடங்கிய முதல் பந்தை ஹர்திக் மெதுவாக, ஆஃப் ஸ்டம்புக்கு நன்றாக வெளியே போட, எட்டி அடித்த கிளாசன் (27 பந்தில் 52) கீப்பரிடம் பிடிபட்டார். அந்த ஓவரிலும் 4 ரன்தான். 18-வது ஓவரில் பும்ரா யான்சனை போல்டாக்கி 2 ரன் மட்டும் தந்தார். 19-வதில் அர்ஷ்தீப் 4. மூன்று பேரும் சேர்ந்து 24 பந்தில் 14 ரன்! ஆட்டம் திரும்பியது இங்கேதான்.

கடைசி ஓவரில் தேவை 16. ஹர்திக்கின் ஃபுல் டாஸை மில்லர் நேராகத் தூக்கினார். லாங்-ஆஃப் எல்லையில் பிடித்த சூர்யகுமார், கயிற்றைத் தாண்டும் முன் பந்தை மேலே வீசிவிட்டு, உள்ளே திரும்பி வந்து மறுபடி பிடித்தார். பல வருடம் பேசப்படும் கேட்ச். ஆனால் பும்ராவின் அந்த இரண்டு ஓவர்கள் இல்லாமல் போயிருந்தால், மில்லர் அப்படி ஓங்கி அடிக்க வேண்டிய அவசியமே வந்திருக்காது.

பந்துவீச்சு: ஹர்திக் 3/20, பும்ரா 2/18, அர்ஷ்தீப் 2/20, மகராஜ் 2/23, நோர்க்கியா 2/26.
ஆட்ட நாயகன் கோலி, தொடர் நாயகன் பும்ரா.