மன்னார்குடியில் இருக்கும் என் பெற்றோர் வீட்டு ரூட்டரின் பாஸ்வேர்டை மாற்றித் தர வேண்டி

அனுப்புநர்:
செ. பாலமுருகன்,
டொரொண்டோ, கனடா.

பெறுநர்:
கிளை மேலாளர் அவர்கள்,
வாடிக்கையாளர் சேவைப் பிரிவு,
மன்னார்குடி, திருவாரூர் மாவட்டம்.

நாள்: 18.11.2024

பொருள்: கோ. செல்வராஜ் பெயரில் உள்ள ஃபைபர் இணைப்பு. வாடிக்கையாளர் எண் 40718826. ரூட்டர் செட்டிங்ஸ் பக்கத்தின் லாகின் பாஸ்வேர்டு மட்டும் மாற்ற வேண்டியது.

ஐயா, வணக்கம்.

மேலே சொன்ன இணைப்பு என் அப்பாவின் பெயரில் இருக்கிறது. வீட்டில் அப்பாவும் அம்மாவும் மட்டும்தான். அப்பாவுக்கு 74 வயது, அம்மாவுக்கு 69. அவர்களுக்காக நான் இங்கிருந்து எழுதுகிறேன். அப்பா கையெழுத்திட்ட ஒப்புதல் கடிதத்தையும் இணைத்திருக்கிறேன்.

முதலில் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். இணையம் நன்றாக வருகிறது. லைனில் குறை எதுவும் இல்லை. நவம்பர் மாதத்துக்கான 588 ரூபாய் 82 காசும் 7-ஆம் தேதியே கட்டியாகிவிட்டது. வைஃபை பாஸ்வேர்டும் தெரியும். தெரியாதது ஒன்றே ஒன்றுதான்: 192.168.1.1 என்று போட்டால் திறக்கும் பக்கத்துக்குள் போவதற்கான பாஸ்வேர்டு. உங்கள் வாடிக்கையாளர் சேவை எண்ணுக்கு இரண்டு முறை பேசினோம். இரண்டு முறையும் வைஃபை பாஸ்வேர்டைத்தான் கேட்கிறோம் என்று எடுத்துக்கொண்டு, "அதான் நெட் வருதே சார்" என்று புகாரை முடித்துவிட்டார்கள். அதனால்தான் நேராக உங்களுக்கே எழுதுகிறேன்.

நடந்தது இதுதான். அக்டோபர் மழையில் ஒரு ராத்திரி பக்கத்தில் இடி விழுந்து பழைய ரூட்டர் போய்விட்டது. கண்ணாடி இழை வழியாக மின்னல் வராது. கரண்ட் வழியாக வந்து அடாப்டரையும் பெட்டியையும் சேர்த்து எரித்துவிட்டது. மறுநாள், அக்டோபர் 17, வியாழக்கிழமை சாயங்காலமே உங்கள் டெக்னீஷியன் தம்பி கொட்டுகிற மழையில் வந்து வேறு பெட்டி வைத்துக் கொடுத்தார். தெருவில் முழங்காலளவு தண்ணீர் நின்றதாக அம்மா சொன்னார். அந்த உதவியை எங்கள் வீட்டில் யாரும் மறக்கமாட்டோம்.

புதுப் பெட்டிக்கு அவர் ஒரு புது பாஸ்வேர்டு போட்டார். அதைக் கூடத்துச் சுவரில் மாட்டியிருந்த தினசரி காலண்டரின் ஓரத்தில் பேனாவால் எழுதிவிட்டு, "அப்பா, இதைப் பத்திரமா வெச்சுக்குங்க" என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். மறுநாள் விடிந்ததும் அம்மா வழக்கம்போல முந்தைய நாள் தாளைக் கிழித்தார். அந்தத் தாளில் கோலமாவைப் பொட்டலம் கட்டி வாசலுக்குக் கொண்டுபோனார். பாஸ்வேர்டு அன்றோடு போயிற்று. டெக்னீஷியன் தம்பியைத் தேடிப் பிடித்துப் பேசினேன். அவர் அந்த வேலையை விட்டுவிட்டாராம். ஒரு நாளைக்கு ஏழெட்டு வீடு பார்த்தவர், ஒரு மாதம் முன்பு போட்ட பாஸ்வேர்டை நினைவு வைத்திருக்க முடியுமா? அவர்மேல் எனக்கு வருத்தம் எதுவும் இல்லை.

நேற்று ஞாயிற்றுக்கிழமை, இங்கே காலை பத்து, அங்கே ராத்திரி எட்டரை, வீடியோ கால் போட்டு மூன்று பேருமாக உட்கார்ந்தோம். அம்மா போனைப் பிடித்துக்கொள்ள, அப்பா ரூட்டரைத் தலைகீழாகத் திருப்பி, அடியில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரை பூதக்கண்ணாடி வைத்துப் படித்தார். யூசர் நேம் admin என்று தெளிவாக இருக்கிறது. பாஸ்வேர்டு இருக்கும் வரியில் பாதி தேய்ந்துபோயிருக்கிறது. ஏற்கெனவே வேறு வீட்டில் இருந்து வந்த பெட்டி போலிருக்கிறது. கடைசி எழுத்து சின்ன l-ஆ, எண் 1-ஆ, பெரிய I-ஆ என்று கண்டுபிடிக்க முடியவில்லை. அப்பா தன் பால்கணக்கு நோட்டில் மூன்று விதமாகவும் எழுதி, ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தார். மூன்றாவது முறையும் தவறியதும் பெட்டி கொஞ்ச நேரத்துக்குப் பூட்டிக்கொண்டது. அப்பா பயந்துபோய், "நான் எதையோ கெடுத்துட்டேன் போலருக்குடா" என்றார். அதன் பிறகு வேறெதையும் தொட வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

பெட்டியின் பின்பக்கம் இருக்கும் சின்ன ஓட்டையில் குண்டூசியை விட்டு அழுத்தினால் பாஸ்வேர்டு பழையபடி ஆகிவிடும் என்று எனக்கும் தெரியும். உங்கள் சேவை மையத்தில் ஒருவர் அதைத்தான் செய்யச் சொன்னார். தயவுசெய்து அந்த யோசனையை அப்பாவுக்குச் சொல்ல வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். அப்படி அழுத்தினால் லாகின் பாஸ்வேர்டு மட்டும் அழியாது. நீங்கள் உள்ளே போட்டு வைத்திருக்கும் PPPoE யூசர் நேம், அதன் பாஸ்வேர்டு, விலேன் எண், கூடவே கொடுத்திருக்கும் லேண்ட்லைன் போனின் செட்டிங்ஸ் எல்லாமே சேர்ந்து போய்விடும். அதற்கப்புறம் விளக்குகள் பச்சையாக எரியும், வைஃபையும் தெரியும், ஆனால் இணையம் வராது. அதில் எதுவும் எங்கள் கையில் இல்லை. உங்கள் ஆள் வருகிற வரைக்கும் அவர்கள் காத்திருக்க வேண்டும். இரண்டு பேருக்கும் சர்க்கரை இருக்கிறது. மாதம் ஒரு முறை டாக்டரிடம் வீடியோவில் பேசுகிறார்கள். நானும் தினம் ராத்திரி அவர்களைப் பார்த்துவிட்டுத்தான் என் வேலையைத் தொடங்குகிறேன். நான்கு நாள் லைன் இல்லாமல் போனால் அங்கே அவர்களுக்கும் கஷ்டம், இங்கே எனக்கும் மனசு நிலைகொள்ளாது.

எதற்கு இந்தப் பாஸ்வேர்டு என்று நீங்கள் கேட்பது நியாயம். இரண்டு காரணம். வைஃபை பாஸ்வேர்டாக இப்போது இருப்பது அப்பாவின் மொபைல் எண். அந்த எண் தெருவில் எல்லோருக்கும் தெரியும், கல்யாணப் பத்திரிகையில்கூட அச்சாகியிருக்கிறது. அதை மாற்ற வேண்டும். இன்னொன்று, போன மாதம் அப்பா கொல்லைப்புறத்தில் வழுக்கி விழுந்துவிட்டார். எலும்பு முறிவு இல்லை, ஆனால் அம்மாவுக்கு அது தெரியவே பத்து நிமிடம் ஆகியிருக்கிறது. அதனால் பின்கட்டில் ஒரு கேமரா வைக்க ஏற்பாடு செய்தேன். கேமரா வந்து பெட்டியோடு இருக்கிறது. அது 2.4 கிகாஹெர்ட்ஸில் மட்டும் வேலை செய்யும். உங்கள் ரூட்டரில் 2.4-ம் 5-ம் ஒரே பெயரில் சேர்ந்திருப்பதால் கேமரா சேரவே மாட்டேன் என்கிறது. இரண்டையும் தனித்தனிப் பெயராகப் பிரிக்க அந்தப் பக்கத்துக்குள் போயே ஆக வேண்டும். உள்ளே போய்விட்டால் மற்றதை நான் வீடியோவில் சொல்லிச் சொல்லி அப்பாவைக் கொண்டே செய்துகொள்வேன். வெளியிலிருந்து ரூட்டருக்குள் நுழையும் வசதி எனக்கு வேண்டாம். அது மூடியே இருக்கட்டும்.

இன்னொரு விஷயம், இதுதான் எனக்கு முக்கியம். போன செவ்வாய்க்கிழமை உங்கள் மையத்திலிருந்து ஒருவர் அப்பாவைக் கூப்பிட்டு, "உங்க போனுக்கு ஒரு ஓடிபி வந்திருக்கும், சொல்லுங்க" என்று கேட்டிருக்கிறார். அப்பா சொல்ல மறுத்துவிட்டார். கூப்பிட்டவர் எரிச்சலாகி லைனைத் துண்டித்துவிட்டாராம். அவர் உண்மையிலேயே உங்கள் ஊழியராகத்தான் இருப்பார். ஆனாலும் அப்பா செய்தது சரி. ஓடிபி கேட்டு எவர் பேசினாலும் சொல்லக்கூடாது, ஏமாந்துவிட்டோம் என்று தெரிந்தால் உடனே 1930-க்குப் பேச வேண்டும் என்று நான்தான் அவருக்குச் சொல்லிச் சொல்லிப் பழக்கினேன். எங்களுக்குத் தெரிந்த ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் இப்படி ஒரு போனில் சேமிப்பு மொத்தத்தையும் இழந்தார். நான் கட்டிக் காத்த அந்தப் பழக்கத்தை நானே "இந்த ஒரு தடவை மட்டும் சொல்லுங்கப்பா" என்று உடைக்க முடியாது. அதனால் போன் வழியாக இல்லாமல் வேறு வழியில் சரிபார்க்கும்படி கேட்டுக்கொள்கிறேன். உங்கள் ஊழியர் அடையாள அட்டையோடு வீட்டுக்கு வரலாம். இல்லையென்றால் அப்பா ஆதார் அட்டையோடு உங்கள் கிளைக்கே வருவார். ஆட்டோவில் பத்து நிமிடம்தான்.

உங்கள் சர்வரிலிருந்தே டிஆர்-069 மூலம் லாகின் பாஸ்வேர்டை மட்டும் மாற்ற முடிந்தால் அதுவே நல்லது. முடியாது, பெட்டியை முழுதாக ரீசெட் செய்துதான் ஆக வேண்டும் என்றால், ஊழியர் நேரில் வந்து, எல்லா செட்டிங்ஸையும் திரும்பப் போட்டு, இணையமும் லேண்ட்லைனும் வேலை செய்வதை அப்பாவிடம் காட்டிவிட்டுப் போகட்டும். புதுப் பாஸ்வேர்டு அப்பாவின் மொபைல் எண்ணாகவோ எல்லா வீட்டுக்கும் போடுகிற ஒரே பாஸ்வேர்டாகவோ இருக்க வேண்டாம். அதை எனக்கு மின்னஞ்சலிலும் அனுப்ப வேண்டாம். அப்பாவின் பால்கணக்கு நோட்டின் கடைசிப் பக்கத்தில் பெரிய எழுத்தில் எழுதிக் கொடுத்தால் போதும். எல், ஒன்று, ஓ, சைபர் இவை கலக்காமல் இருந்தால் அவர் கண்ணுக்கு உதவியாக இருக்கும்.

வருவதாக இருந்தால் சாயங்காலம் ஆறரைக்கு மேல் வந்தால் நல்லது. அங்கே ஏழு மணி என்றால் இங்கே காலை எட்டரை. நானும் வீடியோவில் இருப்பேன். வரும் நாளையும் ஊழியரின் பெயரையும் முதல் நாளே அப்பாவின் பதிவு செய்த எண்ணுக்குக் குறுஞ்செய்தியாக அனுப்பிவிடுங்கள். பெயர் தெரிந்தால்தான் அம்மா கதவு திறப்பார். அப்பாவுக்கு இடது காது கொஞ்சம் மந்தம், அதனால் பெல்லை இரண்டு முறை அடிக்கச் சொல்லுங்கள். வீட்டுக்கு வர கட்டணம் உண்டென்றால் அடுத்த மாத பில்லில் சேர்த்துவிடுங்கள். தனியாகக் கையில் பணம் கேட்க வேண்டாம்.

இந்தக் கடிதத்துக்கு ஒரு புகார் எண் கொடுத்து, அதை எனக்கும் இதே மின்னஞ்சலில் தெரிவித்தால் மறுபடி முதலிலிருந்து சொல்ல வேண்டிய தேவை இருக்காது. நவம்பர் முடிவதற்குள் செய்து கொடுத்தால் டிசம்பர் மழைக்கு முன்பே கேமராவை மாட்டிவிடலாம்.

நன்றியுடன்,
செ. பாலமுருகன்

இணைப்பு:
அப்பாவின் கையெழுத்திட்ட ஒப்புதல் கடிதம். முதல் எட்டு எண்கள் மறைக்கப்பட்ட ஆதார் நகல். ரூட்டர் ஸ்டிக்கரின் படம். நவம்பர் மாத ரசீது.