ஏற்காடு கையேடு: இன்னும் பாக்கி உள்ள திருத்தங்கள்

அண்ணா, நீங்கள் அனுப்பிய ஸ்கிரீன்ஷாட்டில் முடிக்காமல் இருப்பவை இவை. மற்றதெல்லாம் பார்த்தாயிற்று.

கமெண்ட்டுகள்

☐ பக்கம் 1, "18 கொண்டை ஊசி வளைவுகள்": அக்கா கேட்டது சரி, சேலம் அடிவாரப் பாதையில் 20. குப்பனூர் வழி தனி என்றும் ஒரு வரி சேர்க்க வேண்டும். இல்லாவிட்டால் அந்தப் பக்கமாக வருகிறவர்கள் வளைவை எண்ணிக் குழம்புவார்கள்.

☐ கிளியூர் அருவிப் படம்: கோடையில் எடுத்தது, வெறும் பாறைதான் தெரிகிறது. மாற்ற வேண்டும்.

☐ பக்கம் 3, "காப்பித் தோட்டத்துக்குள் நுழைய…": கமெண்ட் பாதியில் வெட்டுப்பட்டிருக்கிறது. நானாக ஊகிக்கவில்லை, திறந்து முழுசாகப் படித்துச் சொல்லுங்கள்.

பரிந்துரைத்த மாற்றங்கள்

☐ "ஏர்காடு" என்பது "ஏற்காடு": இரண்டு இடம், ஏற்கலாம்.

☐ "லேடீஸ் சீட்" என்பது "சீமாட்டி இருக்கை": வேண்டாம். ஆட்டோக்காரரிடம் இப்படிக் கேட்டால் முழிப்பார்.

☐ கடைசிப் பத்தி முழுக்க அடித்துக் காட்டியிருக்கிறது. அறை வாடகை அதில்தான் இருக்கிறது! உங்களைக் கேட்காமல் தொட மாட்டேன்.

வெள்ளிக்கிழமை அச்சகத்துக்குக் கொடுக்க வேண்டும், அப்புறம் மாற்ற முடியாது.