800 மீட்டர்: 2026-ஆம் ஆண்டுக்கான பயிற்சித் திட்டம்

தம்பிக்கு,

போன சீசனில் உன் சிறந்த டைமிங் 1:55.4. முதல் லேப் 54.8, இரண்டாவது லேப் 60.6. இந்த இரண்டு லேப்புக்கும் நடுவில் கிடக்கும் ஆறு விநாடியைக் குறைக்கத்தான் இந்த வருஷம் முழுக்க உழைக்கப் போகிறோம். வேகம் உன்னிடம் இருக்கிறது. 400-ஐ 50.5-க்கு ஓடுகிறாய். ஆனால் 550 மீட்டர் தாண்டியதும் தோள் தூக்கிக்கொள்கிறது, கால் வீச்சு குறுகிப்போகிறது. 800 மீட்டருக்கு வேண்டிய சக்தியில் பாதிக்கும் மேல் ஆக்சிஜன் வழியாகத்தான் உடம்புக்குக் கிடைக்கிறது. அந்தப் பக்கம் உனக்கு இன்னும் வளரவில்லை.

இலக்கு, ஆண்டுக் கடைசியில் வரும் பல்கலைக்கழக மீட்டில் 1:52.0. முதல் லேப் 55.5, இரண்டாவது 56.5. போட்டி டிசம்பர் 28-இல் தொடங்கும் வாரத்தில் என்று வைத்து, அங்கிருந்து பின்னோக்கி எண்ணி இதை எழுதியிருக்கிறேன். தேதி தள்ளிப்போனால் உச்சக் கட்டத்தை மட்டும் நகர்த்துவோம். அடித்தளப் பயிற்சியான பேஸை ஒரு வாரம்கூடக் குறைக்க மாட்டேன்.

ஓய்வு: ஜனவரி 12 – பிப்ரவரி 8

முதல் இரண்டு வாரம் ஓடவே கூடாது. பொங்கலுக்கு ஊருக்குப் போ, நன்றாகச் சாப்பிடு, தூங்கு. சைக்கிள் ஓட்டலாம், கிணற்றில் நீந்தலாம். ஸ்பைக்ஸை ஹாஸ்டலிலேயே வைத்துவிட்டுப் போ. அடுத்த இரண்டு வாரம் ஒருநாள் விட்டு ஒருநாள் அரை மணி நேரம், பேசிக்கொண்டே ஓடும் வேகத்தில். இந்த மாதத்திலேயே இரண்டு வேலையை முடித்துவிடு: முழங்காலுக்குக் கீழே எலும்பில் வலிக்கிறது என்றாயே, அதை பிசியோவிடம் காட்டு. ரத்தத்தில் ஹீமோகுளோபினும் ஃபெரிட்டினும் பார்த்துவிடு. இரும்புச்சத்து குறைந்த உடம்போடு பேஸைத் தொடங்கினால் ஜூனில் வந்து நிற்கும்போது கையில் ஒன்றும் இருக்காது.

பேஸ்: பிப்ரவரி 9 – ஜூன் 28

இருபது வாரம். வருஷத்திலேயே நீளமான பகுதி, உனக்குச் சலிப்பு தட்டப்போவதும் இங்கேதான். ஆகவே கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

நியூசிலாந்தின் ஆர்தர் லிடியார்டு தன் 800 மீட்டர் வீரர் பீட்டர் ஸ்னெல்லை வாரம் 160 கிலோமீட்டர் வரை ஓடவைத்தார். ஞாயிற்றுக்கிழமைகளில் ஆக்லாந்துக்கு வெளியே மலைப்பாதையில் 35 கிலோமீட்டர். ஸ்னெல் 1960 ரோம் ஒலிம்பிக்கில் 800-இல் தங்கம் வென்றார். 1961 டிசம்பரில் ஒரு மாரத்தானே ஓடினார். இரண்டு மாதம் கழித்து, கிறைஸ்ட்சர்ச்சில் புல் தரையில், 1:44.3-இல் உலக சாதனை. 1964 டோக்கியோவில் 800, 1500 இரண்டிலும் தங்கம். மெதுவாக ஓடினால் வேகம் போய்விடும் என்று யாராவது டிராக்கில் உன்னிடம் சொன்னால் இதை நினைத்துக்கொள்.

அதற்காக அவர் ஓடிய தூரத்தை நீ ஓட வேண்டியதில்லை. உன் கால் எலும்புக்கும் மதுரை வெயிலுக்கும் அது ஆகாது. 35 கிலோமீட்டரில் தொடங்கி மே மாதத்தில் வாரம் 65-ஐத் தொடுவோம். மூன்று வாரம் ஏற்றினால் நான்காவது வாரம் மூன்றில் ஒரு பங்கு குறைப்போம். உடம்பு பலம் சேர்ப்பது அந்தக் குறைத்த வாரத்தில்தான், அதனால் அந்த வாரம் ரகசியமாகக் கூடுதலாக ஓடாதே.

மே மாத வாரம் இப்படி இருக்கும். திங்கள் 10 கிலோமீட்டர், லேசாக. செவ்வாய் மொத்தம் 12, அதில் நடுவில் 6 கிலோமீட்டர் டெம்போ, கிலோமீட்டருக்கு 3:35. புதன் 8, மாலையில் ஜிம்: ஸ்குவாட், லஞ்ச், காஃப் ரெய்ஸ், வயிறு, முதுகு. வியாழன் 11, அழகர்கோவிலில் இருந்து பழமுதிர்சோலைக்கு ஏறும் பாதையில் ஏற்றத்தோடு. வெள்ளி முழு ஓய்வு. சனி தெப்பக்குளத்தைச் சுற்றி 9, முடிவில் 80 மீட்டர் ஸ்ட்ரைட்ஸ் ஆறு. ஞாயிறு 15.

லேசான ஓட்டம் என்றால் கிலோமீட்டருக்கு ஐந்து நிமிடம். வெயில் நாளில் ஐந்தேகால் ஆனாலும் சரி. ஏப்ரல், மே இரண்டு மாதமும் காலை 5:15-க்கே ஓட்டத்தைத் தொடங்கிவிட வேண்டும். செமஸ்டர் பரீட்சை வாரங்களில் டெம்போவை விட்டுவிடு, ஞாயிறு ஓட்டத்தை மட்டும் விடாதே.

ஒரு கண்டிப்பு. சித்திரை, வைகாசி கோயில் திருவிழாக்களில் பணப்பரிசு ஓட்டம் வைப்பார்கள். உன்னைக் கூப்பிடுவார்கள், போனால் ஜெயிப்பாய் என்பதும் எனக்குத் தெரியும். போகாதே. டைம் ட்ரையலும் கிடையாது. ஜூன் கடைசியில் ஒரே ஒரு 3000 மீட்டர் ஓடிப் பார்ப்போம், அவ்வளவுதான்.

பில்ட்: ஜூன் 29 – அக்டோபர் 18

பதினாறு வாரம், எட்டு எட்டாக இரண்டு பாதி. முதல் பாதியில் வாரத்துக்கு ஒருமுறை 1000 மீட்டர் ஐந்து, ஒவ்வொன்றும் 3:10, நடுவில் இரண்டரை நிமிடம் ஜாக். இன்னொரு நாள் மேட்டில் 12 விநாடி முழு வேகத்தில் எட்டு முறை, நடந்து இறங்க வேண்டும். மொத்த தூரம் 55 கிலோமீட்டராக இறங்கும். ஜிம்மில் எடை கூடும், எண்ணிக்கை குறையும்.

ஆகஸ்ட் 24 முதல் ஸ்பைக்ஸ். இங்கே ஓடும் எல்லாமே 56 லேப் வேகத்தில்: முதலில் 28 விநாடியில் 200 எட்டு, பிறகு 42-இல் 300 ஆறு, கடைசி வாரங்களில் 84-இல் 600, ஆறு நிமிடம் விட்டு 56-இல் 400, மறுபடி ஆறு நிமிடம் விட்டு 28-இல் 200. ஒரு ரெப்பில் இலக்கைவிட ஒரு விநாடிக்கு மேல் பின்தங்கினால் அன்றைய ஒர்க்அவுட் அங்கேயே முடிந்தது. இலக்கைவிட வேகமாக ஓடினாலும் நிறுத்துவேன். 54.8-இல் கிளம்பும் பழக்கத்தை இந்த எட்டு வாரத்தில்தான் மாற்ற முடியும்.

உச்சம்: அக்டோபர் 19 – ஜனவரி 3

பருவமழைக் காலம். டிராக்கில் தண்ணீர் நின்றால் 600-ஐ ரோட்டில் நிமிடக் கணக்கில் ஓடலாம், வழுக்கும் வளைவில் ஸ்பைக்ஸோடு முழு வேகம் வேண்டாம். அக்டோபர் கடைசியில் ஒரு 400, நவம்பர் நடுவில் ஒரு 800, டிசம்பர் முதல் வாரத்தில் இன்னொரு 800. நவம்பர் பரீட்சை நாட்களில் வாரம் நான்கு ஓட்டம் போதும்.

பல்கலைக்கழக மீட்டில் ஹீட்ஸ், செமி, ஃபைனல் என்று அடுத்தடுத்து ஓட வேண்டியிருக்கும். போன தடவை ஹீட்ஸிலேயே உயிரை விட்டு ஓடிவிட்டு ஃபைனலுக்குக் காலி உடம்போடு வந்தாய். அதனால் நவம்பரில் இரண்டு வாரக் கடைசிகளில் சனி ஒரு 600, ஞாயிறு ஒரு 600.

டிசம்பர் 14 முதல் டேப்பர். அந்த வாரம் 30 கிலோமீட்டர், அடுத்த வாரம் 20. தூரம்தான் குறையும், வேகம் குறையாது: மூன்று நாளைக்கு ஒருமுறை 200 மூன்று, 27-இல். உடம்பு துள்ளும், ஏதாவது செய்யத் தோன்றும். செய்யாதே. வட இந்தியாவில் மீட் என்றால் ரயிலில் இரண்டு இரவு ஆகும், காலையில் குளிர் கடுமையாக இருக்கும். மூன்று நாள் முன்னால் போய்ச் சேர்வோம், வார்ம்-அப்பைப் பத்து நிமிடம் கூட்டுவோம்.

நோட்டில் தினமும் எழுத வேண்டியது: எழுந்ததும் பார்த்த நாடித்துடிப்பு, தூங்கிய நேரம், ஓடிய தூரம், கால் வலி. நாடி வழக்கத்தைவிட ஏழெட்டு துடிப்பு கூடி இரண்டு நாள் நீடித்தால் அன்று ஓடாமல் எனக்கு போன் பண்ணு. ஜிம்மில் யார் பவுடர் கொடுத்தாலும் என்னைக் கேட்காமல் வாயில் வைக்காதே.

ஜனவரி 4-இல் இருந்து மறுபடி ஓய்வு, முடிவு எப்படி இருந்தாலும். இதில் ஒரு நகலை உன் அப்பாவிடம் கொடுத்து, திருவிழா ஓட்டம் பற்றிய பத்தியை அவரையும் படிக்கச் சொல்.

உன் கோச்