செல்வி, மாடிக்குப் போய் இதைப் படி

செல்வி, பக்கத்தில் உங்க அம்மாவோ அண்ணனோ இருந்தால் மாடிக்குப் போய்ப் படி. மூன்று நாளாகப் போனில் சொல்லப் பார்க்கிறேன், உன் குரலைக் கேட்டதும் "சாப்பிட்டியா"வோடு நின்றுவிடுகிறது.

கால் வீக்கத்துக்குச் செருப்பு இறுக்கம் என்று காரணம் சொல்லிக்கொண்டிருந்தேனே, அது செருப்பு இல்லை, கிட்னி. கிரியேட்டினின் 4.1. இரண்டும் சேர்ந்து 17 சதவீதம் அளவுக்குத்தான் வேலை செய்கிறதாம், நான்காவது நிலை. 12 வருஷச் சர்க்கரையும் பிரஷரும் செய்த வேலை, முதுகுவலிக்கு மெடிக்கலில் நானாக வாங்கிப் போட்ட மாத்திரையும் சேர்ந்து கெடுத்திருக்கும் என்கிறார் டாக்டர். அந்த அட்டையை நீ பிடுங்கி எறிந்தது ஞாபகம் இருக்கிறது. அதற்கு ஒரு நாள் முழுக்கத் திட்டு, மறுநாள் வேண்டாம்.

டயாலிசிஸ் உடனே இல்லை. வந்தால் பெரும்பாலும் வாரம் மூன்று நாள், ஒவ்வொரு தடவையும் நாலு மணி நேரம். அதற்கு இடது கையில் ரத்தக்குழாய்களை இணைத்து ஃபிஸ்டுலா போடணும், அது தயாராகவே ஒன்றிரண்டு மாதம் ஆகும் என்பதால் இப்போதே போடச் சொல்கிறார். பீரோவில் முதலமைச்சர் காப்பீட்டு அட்டையைத் தேடி எடுத்து வைத்துவிட்டேன்.

உன்னை எனக்குத் தெரியும், வந்ததும் "என் கிட்னியை எடுத்துக்கோங்க" என்பாய். அந்தப் பேச்சை இப்போது எடுக்காதே, அதற்கு ஆயிரம் டெஸ்ட் இருக்கிறது. செவ்வாய்க்கிழமை டாக்டர் அறைக்குள் என்கூட வா, அது போதும். நான் தலையை மட்டும் ஆட்டுவேன், ஒன்றும் மண்டையில் ஏறாது, நீ நோட்டில் எழுதிக்கொள். ஊறுகாய், அப்பளம், கருவாடு எனக்கு இனி இல்லை, பொட்டாசியம் ஏறுமாம் என்பதால் இளநீரும் கூடாது. ஆனால் எனக்காக வீட்டுக்கே உப்பைக் குறைக்காதே, எனக்கு மட்டும் முன்னாடியே எடுத்து வைத்துவிடு, நீங்களும் சப்பென்று சாப்பிட்டால் எனக்குச் சோறு இறங்காது.

அப்புறம், பெரியப்பா நிச்சயம் ஏதாவது சூரணத்தோடு வந்து நிற்பார். அவரிடம் வேண்டாம் என்று சொல்ல எனக்கு வாய் வராது, நீதான் சொல்லணும். அம்மாவிடம் செவ்வாய்க்கிழமைக்கு அப்புறம் சொல்லலாம்.

ராத்திரியில் எழுந்து திண்ணையில் உட்கார்ந்துகொள்கிறேன், பயம்தான். நான் அப்படி உட்கார்ந்திருந்தால் "ஒண்ணும் ஆகாது" என்று சொல்லாதே. நீயும் வந்து உட்கார்.

காதுகுத்தை விட்டுவிட்டு ஓடி வராதே, ஞாயிறு வந்தால் போதும். இன்றைக்கு பத்து மணிக்கு மேல் கூப்பிடு, கார்த்தி படித்து முடித்துப் படுத்திருப்பான்.