எங்கள் டாக்டர் சாருக்கு

அன்புள்ள டாக்டர் சார்,

1995-இல் பட்டுக்கோட்டையில் எங்கள் தெருமுனை ஓட்டு வீட்டின் முன்னறையில் நீங்கள் கிளினிக் திறந்தபோது ஒரு மேசையும் இரண்டு பெஞ்சும்தான் இருந்தன. அன்று அம்மா இடுப்பில் வந்த பிள்ளைகள் இன்று தங்கள் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு அதே பெஞ்சில் காத்திருக்கிறார்கள்.

கைராசிக்காரர் என்று ஊரே உங்களைச் சொல்லும். எங்களுக்கோ, ஸ்டெதாஸ்கோப்பை உள்ளங்கையில் தேய்த்துச் சூடாக்கிய பிறகே குழந்தையின் நெஞ்சில் வைப்பீர்களே, அதுதான் முதலில் நினைவுக்கு வருகிறது. ஊசி போடச் சொல்லி அடம்பிடிப்பவர்களிடம், "கஞ்சி குடிங்க, ரெண்டு நாள் படுங்க, போதும்" என்று சொல்லி அனுப்பிவிடுவீர்கள்.

2018 நவம்பர் 16 விடியலில் கஜா புயல் எங்கள் தென்னைகளையெல்லாம் சாய்த்துப்போட்டது. தெருவில் நடக்க வழியில்லை, கரண்ட் இல்லை. நீங்கள் கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு, விழுந்த மரங்களைத் தாண்டி வந்து கிளினிக்கைத் திறந்தீர்கள். ஓடு கிழித்த கால்களுக்கு டார்ச் வெளிச்சத்தில் தையல் போட்டீர்கள். அன்று யாரிடமும் காசு வாங்கவில்லை. அதை எந்த வீடும் மறக்கவில்லை, சார்.

நள்ளிரவில் கதவைத் தட்டியபோதெல்லாம் முகம் சுளிக்காமல் விளக்கைப் போட்ட அம்மாவுக்கும், எங்கள் பேரை மறக்காத கம்பவுண்டர் அண்ணனுக்கும் நன்றி.

வருகிற ஞாயிறு மதியம் தெருவிலேயே சாப்பாடு. உங்களுக்குச் சர்க்கரை இருப்பது தெரியும். இருந்தாலும் ஒரு கரண்டி பாயசம் உண்டு. குடும்பத்தோடு வந்துவிடுங்கள்.

அன்புடன்,
உங்கள் தெருக் குடும்பங்கள்