பயிற்சி மருத்துவர்களிடையே பர்ன்அவுட்: குறுக்குவெட்டு ஆய்வுத் திட்டம்

நோக்கம்

412 இளநிலை மருத்துவர்கள் பணிபுரியும் ஒரு போதனா மருத்துவமனையில் பர்ன்அவுட், அதாவது வேலைச்சுமையால் வரும் நீடித்த சோர்வு, எந்த அளவுக்கு இருக்கிறது, வேலை நேரம், இரவு டூட்டி, தூக்கம், பயிற்சி ஆண்டு ஆகியவற்றோடு அது எப்படிச் சேர்ந்து வருகிறது என்று ஒரே காலப்புள்ளியில் அளப்பதே நோக்கம். எது எதற்குக் காரணம் என்று இந்த ஆய்வு சொல்லாது. அதிக இரவு டூட்டி பார்ப்பவர் சோர்ந்திருக்கலாம். சோர்ந்துபோனவர் டூட்டியைத் தள்ளிவிட்டும் இருக்கலாம். ஒருமுறை எடுக்கும் அளவீட்டில் இந்த இரண்டையும் பிரித்தறிய வழியில்லை.

உலக சுகாதார நிறுவனத்தின் நோய் வகைப்பாடான ஐசிடி-11 பர்ன்அவுட்டை நோயாக அல்ல, பணிசார் நிகழ்வாகவே வகைப்படுத்துகிறது. அதனால் அறிக்கையில் ‘பர்ன்அவுட் நோயாளிகள்’ என்ற சொல் வராது. ‘அளவுகோலில் 50 அல்லது அதற்கு மேல் பெற்றவர்கள்’ என்றே எழுதுவோம்.

யார், எத்தனை பேர்

மொத்தம் 412 பேர்: ஹவுஸ் சர்ஜன்கள் 150, முதலாம் ஆண்டு முதுநிலை 92, இரண்டாம் ஆண்டு 88, மூன்றாம் ஆண்டு 82. சேர்ந்து 4 வாரம் ஆகாதவர்களைச் சேர்க்கவில்லை. விடுப்பில் இருப்பவர்களைக் கட்டாயம் சேர்க்கிறோம். சோர்வால் விடுப்பெடுத்தவரை விட்டுவிட்டு வார்டில் நிற்பவரை மட்டும் கேட்டால் விகிதம் குறைவாகவே வரும். படிப்பை விட்டே போனவர்களை இந்த வடிவமைப்பால் எட்ட முடியாது. கடந்த 12 மாதத்தில் விலகியவர்களின் எண்ணிக்கையை மட்டும் அலுவலகத்தில் கேட்டு, முடிவோடு சேர்த்துக் கொடுப்போம்.

பரவலை 50% என்று வைத்துக்கொண்டால் (அதிகபட்ச மாதிரி தேவைப்படும் மதிப்பு இதுதான்), 5 புள்ளிப் பிழை, 95% நம்பக இடைவெளிக்குக் கணக்கு இப்படி:

```
n0 = 1.96^2 × 0.5 × 0.5 / 0.05^2 = 384.16 → 385
n  = 385 / (1 + 384/412) = 199.3 → 200
200 / 0.70 = 285.7 → 286
```

இரண்டாம் வரி, மொத்த எண்ணிக்கை சிறியது என்பதற்கான திருத்தம். மூன்றாவது, 30% பேர் பதில் தரமாட்டார்கள் என்ற கணிப்பு. பயிற்சி ஆண்டுவாரியாக அடுக்கு பிரித்து, விகிதாசாரப்படி 104, 64, 61, 57 பேரைக் கணினி வழியே சமவாய்ப்பில் எடுக்கிறோம்.

412 பேருக்கும் படிவம் கொடுத்துவிட்டால் என்ன என்ற கேள்வி வரும். எல்லாருக்கும் கொடுத்து 40% வாங்குவதைவிட, 286 பேருக்குக் கொடுத்து விடாமல் நினைவூட்டி 70% வாங்குவது மேல். படிவம் தராதவர்கள் தந்தவர்களைப் போலத்தான் இருப்பார்கள் என்று நம்ப இடமில்லை. களைத்தவருக்கு நிரப்ப நேரமில்லை, நன்றாக இருப்பவருக்கு அக்கறையில்லை. இதற்கு ஒரு விலை உண்டு: ஒரு முதுநிலை ஆண்டைத் தனியாக எடுத்தால் பிழை சுமார் 11 புள்ளி ஆகிவிடும். ஆகவே ஆண்டுகளுக்கிடையே சிறு வித்தியாசத்தைப் பற்றி எதுவும் சொல்லமாட்டோம்.

அளவுகோல்

கோபன்ஹேகன் பர்ன்அவுட் அளவுகோலைப் பயன்படுத்துகிறோம். 19 கேள்விகள்: தனிப்பட்ட சோர்வு 6, பணிசார் சோர்வு 7, நோயாளி சார்ந்த சோர்வு 6. ஒவ்வொரு பதிலுக்கும் 100, 75, 50, 25, 0 மதிப்பெண், பகுதிவாரியாகச் சராசரி. முதன்மை விளைவு பணிசார் பகுதியில் 50 அல்லது அதற்கு மேல். அந்தப் பகுதியில் ‘ஓய்வு நேரத்தில் குடும்பத்தாரோடும் நண்பர்களோடும் இருக்கத் தெம்பு இருக்கிறதா’ என்ற கேள்விக்கு மட்டும் மதிப்பெண்ணைத் திருப்பிப் போட வேண்டும். இதை மறந்தால் பலரின் சராசரி நகர்ந்து, கேள்விகள் ஒன்றோடொன்று எவ்வளவு ஒத்துப்போகின்றன என்று காட்டும் உள்நிலைத்தன்மைக் குணகமும் விழும். குணகம் எதிர்பாராமல் குறைந்தால் முதலில் பார்க்க வேண்டிய இடம் இதுதான். ஒரு பகுதியில் பாதிக்கும் குறைவான கேள்விகளுக்குப் பதிலளித்திருந்தால் அந்தப் பகுதி கணக்கில் வராது.

அதிகம் பயன்படும் மாஸ்லாக் அளவுகோலில் 22 கேள்விகள் உண்டு. அதை விட்டதற்கு இரண்டு காரணம்: ஒவ்வொரு படிவத்துக்கும் உரிமக் கட்டணம், வெட்டுப்புள்ளிகளை ஆய்வுக்கு ஆய்வு மாற்றி வைத்திருப்பதால் அதே தரவில் பரவல் இஷ்டத்துக்கு ஏறி இறங்கும். எங்கள் 50 என்பதும் வழக்கத்தால் வந்த கோடுதான். அதனால் சதவீதத்தோடு சராசரியையும் பரம்பலையும் சேர்த்தே தருவோம்.

மனச்சோர்வைக் கண்டறிய இரண்டே கேள்விகள் உள்ள பிஎச்க்யூ-2 போதும். ஒன்பது கேள்விகள் உள்ள பிஎச்க்யூ-9 வேண்டாம் என்று தெரிந்தேதான் முடிவெடுத்தோம். அதன் ஒன்பதாவது கேள்வி தற்கொலை எண்ணம் பற்றியது. பெயரில்லாப் படிவத்தில் ஒருவர் ‘கிட்டத்தட்ட தினமும்’ என்று டிக் செய்தால், அவர் யாரென்று தெரியாமல் அந்தத் தாளை வைத்துக்கொண்டு கைகட்டி நிற்க வேண்டிவரும். உதவ முடியாத கேள்வியைக் கேட்கக் கூடாது.

இரகசியம்

இங்கே தவறினால் மேலே சொன்ன கணக்கெல்லாம் வீண். துறைத்தலைவர் பார்ப்பார் என்று சந்தேகம் வந்தால் போதும், எல்லாரும் நடுவிலுள்ள கட்டத்தையே டிக் செய்வார்கள்.

படிவம் காகிதத்தில்தான். இணையப் படிவத்தில் ‘ஒருவருக்கு ஒருமுறை’ என்று வைத்தால் உள்நுழையச் சொல்லும். வைக்காவிட்டால் இணைப்பு வாட்ஸ்அப்பில் சுற்றி, மாதிரியில் இல்லாதவர்களும் நிரப்புவார்கள். ஒவ்வொருவருக்கும் ஓர் உறையில் எண்ணோ குறியோ இல்லாத படிவம், தகவல் தாள், பெயர் எழுதிய தனி அட்டை. படிவம் ஒரு பூட்டிய பெட்டியில், அட்டை வேறொரு பெட்டியில். இரண்டும் நூலகத்திலும் விடுதியிலும் இருக்கும், துறை அலுவலகத்தில் இருக்காது. அட்டை வந்தவருக்கு நினைவூட்டல் போகாது. பங்கேற்க விருப்பமில்லாதவர் படிவத்தை வெறுமையாகப் போட்டு அட்டையையும் போட்டுவிடலாம், யாருக்கும் தெரியாது. தகவல் தாளில் இதைத் தெளிவாக எழுதியிருக்கிறோம்.

கையொப்பமிட்ட ஒப்புதல் வாங்கமாட்டோம். படிவத்தோடு பெயரைச் சேர்ப்பது அந்தக் கையொப்பம்தான். விலக்கு கேட்டு நெறிமுறைக் குழுவுக்கு விண்ணப்பிக்கிறோம். பெட்டியில் போட்ட பிறகு படிவத்தைத் திரும்ப எடுக்க முடியாது என்பதும் தாளில் உண்டு. உறைகளை விநியோகிப்பவர் மருத்துவமனைக்கு வெளியே இருந்து வரும் களப்பணியாளர். இன்டர்னல் மதிப்பெண் போடும் யாரும் உறையைத் தொடக் கூடாது.

துறையின் பெயரைக் கேட்கவில்லை. மருத்துவம், அறுவை, மயக்கவியலும் தீவிர சிகிச்சையும், மற்றவை என நான்கே பிரிவு. வயது இல்லை, பயிற்சி ஆண்டு போதும். நான்கு பேர் உள்ள துறையில் ‘மூன்றாம் ஆண்டு, பெண்’ என்றாலே ஆள் தெரிந்துவிடும். சொந்த வார்த்தையில் எழுதும் கேள்வியும் இல்லை. சம்பவமும் கையெழுத்தும் காட்டிக்கொடுக்கும். 10 பேருக்குக் குறைவான எந்தக் கட்டமும் அட்டவணையில் வராது. துறைவாரி முடிவைக் கேட்கமாட்டோம் என்று கல்லூரி முதல்வரிடம் படிவம் அச்சாகும் முன்பே எழுதி வாங்குவோம். பின்னால் கேட்டால் கிடைக்காது.

மனநல ஆலோசகரின் தொடர்பு விவரம் 412 பேருக்கும் போகும். மாதிரிக்கு மட்டும் கொடுத்தால் அந்தத் தாளே அடையாளமாகிவிடும்.

களப்பணியும் பகுப்பாய்வும்

மாதிரியில் வராத 126 பேரில் 15 பேரிடம் முதலில் சோதனை. 10 நிமிடத்துக்கு மேல் எடுத்தால் கேள்விகளைக் குறைப்போம். பிறகு 3 வாரம், 7, 14-ஆம் நாளில் நினைவூட்டல். தேர்வு மாதத்தையும் வார்டு மாறும் வாரத்தையும் தவிர்க்கிறோம். வேலை நேரத்துக்குக் கடந்த 7 நாள், இரவு டூட்டிக்குக் கடந்த 4 வாரம் என்று எண்ணாகவே கேட்போம். ‘அதிகமா, குறைவா’ என்று கேட்டால் சோர்ந்தவரின் பதிலில் சோர்வே கலந்துவிடும்.

தரவை இருவர் தனித்தனியே பதிந்து ஒப்பிடுவார்கள். பதில் விகிதம் ஆண்டுக்கு ஆண்டு மாறினால் எடையிட்டுப் பரவலைக் கணக்கிடுவோம். விளைவு அரிதானதல்ல என்பதால் லாஜிஸ்டிக் மாடலின் ஆட்ஸ் விகிதம் தொடர்பைப் பெரிதாக்கிக் காட்டும். வலுவான பிழை மதிப்பீட்டோடு பாய்சான் மாடலில் பரவல் விகிதத்தைத் தருவோம். பெயர் அட்டைகள் களப்பணி முடிந்த மறுநாளே அழிக்கப்படும். படிவங்கள் பூட்டிய அலமாரியில் 3 ஆண்டு இருக்கும்.