அண்ணனுக்கும் தம்பிக்கும் தங்கச்சிக்கும்

அண்ணா, தம்பி, தங்கச்சி,

போனில் சொன்னால் பாதியில் பேச்சு வேறு எங்காவது போய்விடும். அதனால்தான் எழுதுகிறேன்.

போன வியாழக்கிழமை காட்பாடி வீட்டுக்குப் போயிருந்தேன். அம்மா ராத்திரி போடும் மாத்திரை அட்டையின் ஓரத்தைக் கத்தரியால் வெட்டி வைப்பார், தெரியும் இல்லையா? கண் மங்கலாக இருப்பதால் தடவிப் பார்த்து எடுக்க அது ஒரு அடையாளம். இந்த முறை அப்பாவின் காலை சுகர் மாத்திரை அட்டையையும் வெட்டி வைத்திருந்தார். நல்லவேளை, சாப்பிடும் முன்பே பார்த்துவிட்டேன். அப்பா சிரித்துக்கொண்டே, "உங்க அம்மாவுக்கு என்னைவிட வயசாகிடுச்சு" என்றார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

யார் எவ்வளவு செய்தோம் என்று கணக்குப் பார்க்க இதை எழுதவில்லை. அப்பாவின் கண் ஆபரேஷன் செலவு முழுக்க அண்ணன் ஏற்றது. தம்பியின் ஒன்பது மணி போன் வராமல் அப்பா படுக்கமாட்டார். பிள்ளைகளையும் பார்த்துக்கொண்டு தங்கச்சி ஆற்காட்டிலிருந்து பஸ் ஏறி வருகிறாள். நான் சத்துவாச்சாரியில் இருப்பதால் ஓடிப்போக முடிகிறது, அவ்வளவுதான். ஆனால் என் மாமியாருக்கும் இப்போது நடமாட்டம் குறைந்துவிட்டது. தினமும் போக என்னால் முடியவில்லை. இதை முன்பே சொல்லியிருக்க வேண்டும்.

எனக்குத் தோன்றியது இது. காலை எட்டு முதல் மாலை ஆறு வரை ஒரு அம்மாவை வேலைக்கு வைக்கலாம். பக்கத்துத் தெருவில் ஒருவர் இருக்கிறார், மாதம் 9,000 கேட்கிறார். அண்ணா, நீங்கள் 4,500, தம்பி 3,000, நான் 1,500. தங்கச்சி பணம் தர வேண்டாம், மூன்று மாதத்துக்கு ஒருமுறை ரத்தப் பரிசோதனைக்கும் டாக்டரிடமும் அவள் கூட்டிப்போகட்டும். டாக்டர் சொல்வதைப் பொறுமையாகக் கேட்டு வருபவள் அவள்தான். வாரத்து மாத்திரைகளை டப்பாவில் பிரித்துப் போடுவதும், ராத்திரி அவசரம் என்றால் போவதும் என் பொறுப்பு.

அப்புறம், மாதத்தில் முதல் சனி ஞாயிறு அண்ணனும் மூன்றாவது சனி ஞாயிறு தம்பியும் வந்து தங்க முடியுமா? சென்னையிலிருந்தும் பெங்களூரிலிருந்தும் காட்பாடிக்கு ரயில் நிறைய இருக்கிறது. வேலைக்கு நிற்க வேண்டாம், வந்து இருந்தாலே போதும். தம்பி வந்தால் அம்மா கூடுதலாக ஒரு வாய் சாப்பிடுகிறார்.

தொகையோ நாளோ சரிவராது என்றால் தயங்காமல் சொல்லுங்கள், மாற்றிக்கொள்ளலாம். கையில் பணம் இறுக்கமான மாதம் இருந்தாலும் சொல்லிவிடுங்கள், யாரும் தப்பாக நினைக்கமாட்டோம். அண்ணியிடமும் கலந்து பேசுங்கள். ஞாயிறு இரவு எட்டு மணிக்கு நாலு பேரும் வீடியோ காலில் பேசலாம். மூன்று மாதம் இப்படிப் பார்த்துவிட்டு மறுபடி உட்காருவோம்.

அண்ணா, அப்பாவிடம் மட்டும் நீங்களே சொல்லுங்கள். நான் சொன்னால் "எதுக்கும்மா வீண் செலவு" என்பார். நீங்கள் சொன்னால் கேட்பார்.

அன்புடன்,
உங்கள் தங்கை, அக்கா